நோயைச் சொல்லும் முன் படத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: அரசு மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். இப்போது மெடிசின் போஸ்டிங். போன வாரம் ரவுண்ட்ஸில் 61 வயதுக்காரர் ஒருவரின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் காட்டி, "இடது பக்கம் மாசிவ் எஃப்யூஷன் சார், டேப் பண்ணலாம்" என்றேன். சீஃப், "நோயை அப்புறம் சொல். படத்தில் என்ன தெரியுது, அதைச் சொல்" என்றார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். டிராகியா இடது பக்கமே இழுபட்டிருந்தது என்று பிறகு பி.ஜி. அக்கா காட்டினார். ஏ, பி, சி, டி என்று படம் பார்க்கும் வரிசை மனப்பாடமாகத் தெரியும். ஆனால் பத்துப் பேர் முன்னால் வாய் திறந்தால் கோவையாக வருவதில்லை. அந்தப் படத்தையே வைத்து, எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதித் தருவீர்களா?

பதில்: அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் பி.ஜி. காட்டிய அந்த ஒன்றில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நெஞ்சின் ஒரு பாதி மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருக்கும்போது, உள்ளே ஏராளமாக நீர் கோத்திருந்தால் அது மூச்சுக்குழாயை எதிர்ப்பக்கம் தள்ளும். நுரையீரல் சுருங்கிக் கிடந்தால் மூச்சுக்குழாய் அதே பக்கம் இழுபடும். நீர் என்றால் ஊசி போட்டு எடுக்கலாம். சுருங்கிய நுரையீரல் என்றால் எடுக்க ஒன்றும் இருக்காது. அதோடு போகாது: இதயம் இடப்பக்கம் நகர்ந்திருக்கும், உதரவிதானம் மேலேறியிருக்கும், அதற்குக் கீழே உள்ள மண்ணீரலும் கூடவே ஏறியிருக்கும். முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே வழக்கமாக ஊசி போடுகிற இடத்தில் நீங்கள் எதிர்பார்க்காத உறுப்பு இருக்கலாம். ஸ்டெதாஸ்கோப் இங்கே அதிகம் உதவாது. இரண்டிலும் தட்டினால் மந்தமாகத்தான் கேட்கும், இரண்டிலும் மூச்சொலி இருக்காது. படுக்கையருகே பிரித்துக் காட்டக்கூடியது, தொண்டைக்குழியில் விரல் வைத்து மூச்சுக்குழாய் எந்தப் பக்கம் என்று பார்ப்பதுதான். படத்திலும் அதையேதான் பார்க்கிறோம்.

உங்கள் சிக்கல் எங்கே என்றால், படம் பார்க்கும் வரிசையையே படம் சொல்லும் வரிசையாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏ என்றால் காற்றுப்பாதை, பி என்றால் நுரையீரல் என்று போகும் அந்த வரிசை, தனியாக நின்று பார்க்கும்போது எதுவும் விட்டுப்போகாமல் இருக்க ஏற்பட்டது. ரவுண்ட்ஸில் கேட்பவர்களுக்கு அது பொறுக்காது. பாதி நெஞ்சு வெள்ளையாக இருக்கும் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, "சாஃப்ட் டிஷ்யூ நார்மல் சார், எலும்புகள் நார்மல் சார்" என்று நீங்கள் தொடங்கினால் சீஃப் குறுக்கே பேசத்தான் செய்வார். குறுக்கே பேசினால் மனப்பாடம் அறுந்துபோகும். சொல்லும்போது முதலில் இது யாருடைய, எப்படி எடுத்த படம், அடுத்து இதை நம்பலாமா, பிறகு நேராகப் பெரிய குறை, அந்தக் குறை எதை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது, பிறகு இல்லாதவை, கடைசியில் முடிவும் அடுத்து செய்ய வேண்டியதும். இந்த வரிசையில் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததைத் தாங்கி நிற்கும். நடுவில் யாராவது கேள்வி கேட்டாலும் விட்ட இடம் உங்களுக்கு மறக்காது.

அந்தப் படம் என் கையில் இல்லை. நீங்கள் சொன்னதையும், இந்த நோயில் படம் வழக்கமாக எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். ரவுண்ட்ஸில் நாம் பேசுகிற கலப்பு மொழியிலேயே இருக்கட்டும். நிதானமாகப் பேசினால் 2 நிமிடத்துக்குள் முடியும்.

"சார், இது 61 வயசு ஆண் பேஷன்டோட செஸ்ட் எக்ஸ்ரே. இன்னிக்குக் காலையில நிக்க வெச்சு எடுத்தது, பி.ஏ. வியூ. பேர், ஐ.பி. நம்பர், தேதி மூணையும் கேஸ் ஷீட்டோட சரிபார்த்துட்டேன். இடது பக்க மார்க்கர் இருக்கு.

"ரெண்டு கிளாவிக்கிளோட உள்முனையும் ஸ்பைனஸ் ப்ராஸஸ்லேருந்து சம தூரத்துல இருக்கு, ரொட்டேஷன் இல்லை. வலது பக்கம் 6 முன் விலா டயாஃப்ரமுக்கு மேல தெரியுது, மூச்சு போதுமான அளவு இழுத்திருக்கார். எக்ஸ்போஷர் பரவாயில்லை.

"இடது ஹெமிதோராக்ஸ் முழுசும் ஒரே சீரான ஒபாசிட்டி. உள்ள ஏர் ப்ராங்கோகிராம் இல்லை. இடது ஹார்ட் பார்டர், இடது டயாஃப்ரம், இடது சி.பி. ஆங்கிள் எதுவும் தனியா தெரியலை.

"டிராகியா இடது பக்கம் இழுபட்டிருக்கு. வலது ஹார்ட் பார்டர் ஸ்பைனுக்கு வலது பக்கம் தெரியலை, அதனால மீடியஸ்டினமும் இடது பக்கம் போயிருக்கு. இடது பக்க விலா இடைவெளி வலதைவிடக் குறுகலா இருக்கு. ஸ்டமக் பபிள் வழக்கத்தைவிட மேல இருக்கு. வலது லங் பெருத்து, நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் வந்திருக்கு.

"வலது லங்ல நாடியூலோ கேவிட்டியோ இல்லை, வலது சி.பி. ஆங்கிள் க்ளியர். விலாவுல அரிப்பு இல்லை, எடுத்த விலா, சர்ஜிகல் கிளிப் எதுவும் இல்லை. டயாஃப்ரமுக்குக் கீழ ஃப்ரீ ஏர் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் கிடைக்கலை.

"வால்யூம் லாஸோட இடது பக்கம் முழு ஒபாசிட்டி சார். இடது லங் கொலாப்ஸ்னு நினைக்கிறேன். ரொம்ப வருஷமா பீடி பிடிக்கிறார், எடையும் குறைஞ்சிருக்கு, அதனால இடது மெயின் பிராங்கஸை அடைக்கிற குரோத் இருக்கான்னு முதல்ல பார்க்கணும். டேப் பண்றதுக்கு முன்னாடி அல்ட்ராசவுண்ட்ல நீர் இருக்கான்னு பார்த்துடலாம். அப்புறம் கான்ட்ராஸ்ட் சி.டி., பிராங்கோஸ்கோபி. சளியை சி.பி.நாட்டுக்கும் சைட்டாலஜிக்கும் அனுப்பறேன் சார்."

பீடியும் எடைக் குறைவும் என் ஊகம். உங்கள் நோயாளியின் வரலாற்றில் இருப்பதை அந்த இடத்தில் வையுங்கள். இனி, ஏன் இந்த வாக்கியங்கள் என்று பார்ப்போம்.

மார்க்கரை வெறும் சடங்காகச் சொல்பவர்கள் உண்டு. இந்தப் படத்தில் அது சடங்கு ஆகாது. சாதாரணப் படத்தில் இதயம் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை வைத்து, படத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். இங்கே இதயம் வெள்ளைக்குள் மறைந்துவிட்டது. எந்தப் பக்கம் இடது என்பதற்கு மார்க்கரும் வயிற்றுக் காற்றுக்குமிழியும் மட்டுமே சாட்சி. இப்போதெல்லாம் படத்தை மொபைலில் எடுத்து யூனிட் குரூப்பில் போடுகிறார்கள். அப்படி எடுக்கும்போது மூலையில் இருக்கும் மார்க்கர்தான் முதலில் வெட்டுப்படும். ரவுண்ட்ஸில் சொல்ல வேண்டிய படத்தை மொபைலில் பார்த்துத் தயாராகாதீர்கள். ஃபிலிமையோ கணினித் திரையையோ நேரில் பாருங்கள்.

ரொட்டேஷன் வாக்கியம்தான் இந்தப் படத்தின் அஸ்திவாரம். நோயாளி கொஞ்சம் திரும்பி நின்றிருந்தால் நேராக உள்ள மூச்சுக்குழாயும் சாய்ந்தது போலத் தெரியும். உங்கள் முடிவு முழுக்க மூச்சுக்குழாயை நம்பியிருக்கிறது. எனவே அதைச் சொல்லும் முன்பே, "ரொட்டேஷன் இல்லை" என்ற வாக்கியத்தை வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். அப்படிச் செய்யாமல் "டிராகியா இடது பக்கம்" என்றால், சீஃப் கேட்கப்போகும் அடுத்த கேள்வி, "பேஷன்ட் நேரா நின்னாரா?" என்பதுதான். கிளாவிக்கிள் முனைகள் சம தூரத்தில் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: "கொஞ்சம் ரொட்டேஷன் இருக்கு சார், அதனால டிராகியாவை மட்டும் வெச்சு முடிவு சொல்லலை, மத்த அடையாளங்களையும் பார்த்தேன்." இன்னொன்று. பெருந்தமனி வளைவு இருக்கும் உயரத்தில் மூச்சுக்குழாய் இயல்பாகவே லேசாக வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வயதானவர்களில் பெருந்தமனி நீண்டு அகன்றிருந்தால் அது இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே வலப்பக்கச் சாய்வு சிறிதாக இருந்தால் அவசரப்படக் கூடாது. இடப்பக்கச் சாய்வுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மூச்சு இழுத்த அளவை வலது பக்கத்தில் எண்ணச் சொன்னதற்குக் காரணம், இடது பக்கம் டயாஃப்ரமே தெரியாததுதான். முன் விலா 5 முதல் 7 வரை, அல்லது பின் விலா 9, 10 தெரிந்தால் போதும். முன் விலா சாய்ந்து இறங்கும், பின் விலா ஏறக்குறையக் கிடையாகப் போகும். எதை எண்ணினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே "6 விலா தெரியுது" என்றால் எந்த 6 என்று கேட்பார்கள்.

அடுத்து, "ஒபாசிட்டி" என்ற சொல். கண்ணுக்குத் தெரிவது வெண்மை மட்டுமே. அது நீரா, சுருங்கிய நுரையீரலா, சீழும் சளியும் நிரம்பிய நுரையீரலா, கட்டியா என்பது நீங்கள் பிறகு எட்டப்போகும் முடிவு. வெண்மையை வெண்மை என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் நான்கு வழிகளும் திறந்திருக்கும். "எஃப்யூஷன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மற்ற மூன்று கதவுகளையும் நீங்களே சாத்திவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு மூச்சுக்குழாய் இடப்பக்கம் இருப்பது கண்ணில் பட்டாலும் மனதில் பதியாது. அன்று உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். "ஏர் ப்ராங்கோகிராம் இல்லை" என்பதும் இங்கே கனமான வாக்கியம். நிமோனியாவில் காற்றறைகள் நிரம்பியிருக்கும், ஆனால் பெரிய காற்றுக்குழாய்கள் திறந்திருக்கும். வெள்ளைக்கு நடுவே கிளை கிளையாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். பிரதானக் குழாயே அடைபட்டால் உள்ளிருந்த காற்று உறிஞ்சப்பட்டுப் போய்விடும், அந்தக் கோடுகள் இருக்காது. வெண்மையின் உள்விளிம்பில் இடது மெயின் பிராங்கஸின் கறுப்பு நிழல் எதுவரை வருகிறது என்று பாருங்கள். சில படங்களில் அது சட்டென்று அறுபட்டு நிற்பது தெரியும். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கற்பனை செய்யாதீர்கள்.

இழுப்பா தள்ளலா என்ற பகுதியில் மூச்சுக்குழாய் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தாமல் ஐந்து அடையாளங்களைக் கொடுத்திருக்கிறேன். காரணம், ஒற்றை அடையாளத்தை எளிதாக மறுத்துவிடலாம். நான்கைந்து சேர்ந்து ஒரே திசையைக் காட்டினால் மறுக்க முடியாது. இவற்றில் மாணவர்கள் அதிகம் கவனிக்காதவை இரண்டு.

ஒன்று, முதுகெலும்பின் வலது விளிம்பு. நேராக எடுத்த படத்தில் இதயத்தின் வலது விளிம்பு முதுகெலும்புக்கு வலப்பக்கம் கொஞ்சம் புடைத்துக்கொண்டு தெரிய வேண்டும். இதயம் இடப்பக்கம் இழுபட்டுவிட்டால் அந்தப் புடைப்பு காணாமல் போய், முதுகெலும்பு மட்டும் மொட்டையாக நிற்கும். இடது பக்கம் எல்லாம் வெள்ளையாக இருப்பதால் இதயம் எங்கே என்று அந்தப் பக்கம் தேடிப் பயனில்லை. எதிர்ப்பக்கத்தில் அது இல்லாததை வைத்துத்தான் நகர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம்.

மற்றது வயிற்றுக் காற்றுக்குமிழி. இடது டயாஃப்ரம் வெள்ளைக்குள் மறைந்துவிட்டது, அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று நேராகப் பார்க்க வழியில்லை. ஆனால் நிற்க வைத்து எடுத்த படத்தில், இரைப்பையின் மேல்பகுதியில் தேங்கும் காற்று டயாஃப்ரமுக்கு நேர் கீழே ஒட்டியபடி கறுப்பாகத் தெரியும். குமிழி மேலேறியிருந்தால் டயாஃப்ரமும் மேலேறியிருக்கிறது, அதாவது நுரையீரல் சுருங்கியிருக்கிறது. குமிழி கீழே அழுத்தப்பட்டிருந்தால் மேலே நீரின் பாரம் இருக்கிறது. எல்லோருக்கும் குமிழி தெரியாது; சாப்பிடாமல், காற்று இல்லாத வயிறாக இருந்தால் இருக்கவே இருக்காது. "ஸ்டமக் பபிள் தெரியலை சார்" என்று சொல்லிவிட்டு நகரலாம். வலது பக்கம் முழுதும் வெள்ளையாக இருந்தால் இந்த வசதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இல்லாதவற்றைச் சொல்லும் பகுதியில்தான் நேரம் வீணாகும். புத்தகத்தில் உள்ள எல்லா "இல்லை"களையும் ஒப்பிக்க வேண்டாம். இந்தப் படத்தின் முடிவை மாற்றக்கூடிய "இல்லை"களை மட்டும் பொறுக்குங்கள். எடுத்த விலா, கிளிப் இல்லை என்று ஏன் சொல்கிறோம்? பல வருடம் முன்பு ஒரு பக்க நுரையீரலையே அறுவை செய்து எடுத்துவிட்டவர்களின் படம் இதே மாதிரிதான் இருக்கும், அவர்களுக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வலது நுரையீரலில் முடிச்சு இல்லை என்பது புற்றுநோய் அந்தப் பக்கம் பரவியிருக்கிறதா என்ற கேள்விக்கான ஆரம்பப் பதில். விலா அரிப்பும் அப்படியே. பெண் நோயாளி என்றால் இரண்டு மார்பக நிழலும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது இந்த இடத்தில்தான் வரும்.

நம் வார்டுகளில் மறக்கக்கூடாத இன்னொன்று, பழைய காசநோயால் முழுதும் சிதைந்துபோன நுரையீரல். அதிலும் ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும், மூச்சுக்குழாய் அதே பக்கம் இழுபட்டிருக்கும், விலாக்கள் நெருங்கியிருக்கும். ஆனால் வெண்மை ஒரே சீராக இருக்காது. உள்ளே கறுப்புக் குழிகள், கோடுகள், சுண்ணாம்புப் புள்ளிகள் என்று கலைந்து கிடக்கும். எதிர்ப்பக்க நுரையீரலின் உச்சியிலும் பழைய தழும்பு இருக்கலாம். அதனால்தான் ஸ்கிரிப்டில் "ஒரே சீரான" என்ற சொல்லைப் போட்டேன். அது அலங்காரத்துக்கு வந்ததில்லை. "முன்னாடி டி.பி. மருந்து சாப்பிட்டாரா?" என்று சீஃப் கேட்டால், நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் கேட்ட பதில் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பழைய படம் வீட்டுப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள். 5 வருடம் முன்பே இப்படித்தான் இருந்தது என்று தெரிந்தால், உங்கள் பிராங்கோஸ்கோபி அவசரம் பெருமளவு குறைந்துவிடும்.

மூச்சுக்குழாய் நடுவிலேயே இருந்திருந்தால் என்ன சொல்வது என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். சீஃபும் கேட்பார். பாதி நெஞ்சு வெள்ளையாகி, எதுவும் நகராமல் இருக்கும் படம்தான் உண்மையில் கவலை தர வேண்டியது. நீர் நிறைய இருக்கிறது, தள்ளுகிறது. அதே சமயம் உள்ளே நுரையீரல் அடைபட்டுச் சுருங்கியிருக்கிறது, இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டன என்று அர்த்தமாகலாம். அல்லது கட்டியோ நிணநீர்க் கணுக்களோ மீடியஸ்டினத்தை அசையாமல் பிடித்து வைத்திருக்கலாம். நுரையீரல் முழுதும் நிமோனியாவாக இருந்தாலும் நகராது, ஆனால் அதில் ஏர் ப்ராங்கோகிராம் தேடலாம். "பெரிய ஒபாசிட்டி, ஆனா ஷிஃப்ட் இல்லை, எஃப்யூஷனோட கொலாப்ஸும் சேர்ந்திருக்கலாம் சார்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இதில் நீரை எடுத்தாலும் நுரையீரல் விரியாது. எடுக்க எடுக்க உள்ளே எதிர்மறை அழுத்தம் கூடி நோயாளிக்கு நெஞ்சுவலியும் இருமலும் வரும். அப்போது ஊசியை நிறுத்த வேண்டும். மூச்சுக்குழாய் தெளிவாக எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் உங்கள் முதல் முடிவே சரி, டேப் செய்யலாம். அப்போதும் ஒரே முறையில் 1 முதல் 1.5 லிட்டருக்கு மேல் எடுக்காமல் நிறுத்துவது வழக்கம். நெடுநாள் அழுந்திக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதிலேயே நீர் கசிந்து மூச்சுத்திணறல் கூடலாம்.

இதே ஸ்கிரிப்டை ஐ.சி.யு. படத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே எடுப்பது பெரும்பாலும் படுக்க வைத்து, முன்பக்கமிருந்து கதிர் விட்டு எடுக்கும் ஏ.பி. படம். இதயம் நிஜ அளவைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதால், நெஞ்சு அகலத்தில் பாதிக்கு மேல் இதயம் இருந்தால் பெரிது என்ற கணக்கு அங்கே செல்லாது. நீர் இருந்தாலும் கீழே தேங்காமல் முதுகுப்பக்கம் பரவிக்கொள்ளும்; மெல்லிய மங்கலாகத் தெரியும், அதன் ஊடாக ரத்தக்குழாய்கள் புலப்படும். சி.பி. ஆங்கிளை மட்டும் பார்த்து நீர் இல்லை என்று சொல்ல முடியாது. நிற்க வைத்து எடுத்த படத்திலேயே அந்தக் கோணம் மழுங்க ஏறக்குறைய 200 மில்லி நீர் வேண்டும்.

ஐ.சி.யு. படத்தில் தரம் பற்றிய வாக்கியத்துக்கு அடுத்து உடனே குழாய்களைச் சொல்லிவிடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நேற்றுவரை சரியாக இருந்த இடது பக்கம் இன்று காலை வெள்ளையாகி, மூச்சுக்குழாயும் இடப்பக்கம் இழுபட்டிருந்தால், புற்றுநோயை நினைக்கும் முன் செயற்கைச் சுவாசக் குழாயின் நுனி எங்கே என்று பார்க்க வேண்டும். வலது மெயின் பிராங்கஸ் ஏறக்குறைய நேராக இறங்கும். குழாய் அதிகம் உள்ளே போனால் அதற்குள்தான் நுழையும், இடது நுரையீரலுக்குக் காற்றே போகாது. நுனி, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் மேலே இருந்தால் நிம்மதி. கழுத்தைக் குனிய வைத்தாலே அது 2 சென்டிமீட்டர் வரை கீழே இறங்கிவிடும், எனவே படம் எடுத்தபோது தலை எப்படி இருந்தது என்று சிஸ்டரைக் கேளுங்கள். நுனி சரியான இடத்தில் இருந்தால் அடுத்தது சளி அடைப்பு. அங்கே நீங்கள் சொல்ல வேண்டிய வரி: "இ.டி. ட்யூப் நுனி கரைனாவுக்குக் கீழ, வலது மெயின் பிராங்கஸ்ல இருக்கு சார். இடது லங் கொலாப்ஸ் அதனாலதான். ட்யூப்பை இழுத்து வெச்சுட்டு திரும்பப் படம் எடுக்கலாம்." இந்தக் குறையை மட்டும் ரவுண்ட்ஸ் வரை வைத்திருக்கக் கூடாது. பார்த்த உடனேயே டியூட்டி அனஸ்தடிஸ்டைக் கூப்பிட்டுவிட்டு, ரவுண்ட்ஸில் அதை நடந்த விஷயமாகச் சொல்லுங்கள்.

நிற்கும் இடத்தைப் பற்றியும் ஒன்று. படத்துக்கு முன்னால் நின்று மறைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், மூடிய பேனாவால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டியபடி பேசுங்கள். "டிராகியா" என்று சொல்லும்போது பேனா டிராகியாவில் இருந்தால், பேச்சு தடுமாறினாலும் கண் உங்களை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும். நோயாளி காதில் விழும் தூரத்தில் படுத்திருந்தால் "குரோத்" என்ற சொல்லைப் படுக்கையருகே சொல்ல வேண்டாம். கடைசிப் பத்தியை வியூ பாக்ஸ் இருக்கும் டூட்டி ரூமில் வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே உங்கள் அசிஸ்டென்டிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிராங்கோஸ்கோபிக்குப் பிறகு எடுக்கும் படத்தையும் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது மொத்த ஸ்கிரிப்டும் தேவையில்லை. பழைய படத்தைப் பக்கத்தில் மாட்டி, இரண்டும் ஒரே மாதிரி எடுத்தவைதானா என்பதை முதலில் சொல்லுங்கள்; நின்று எடுத்த பி.ஏ. படத்தையும் படுத்து எடுத்த ஏ.பி. படத்தையும் வைத்து இதயம் பெருத்துவிட்டது என்று சொல்லும் ஹவுஸ் சர்ஜன்கள் வருடத்துக்கு வருடம் வருகிறார்கள். பிறகு நேராக: "முந்தைய படத்தோட ஒப்பிட்டா டிராகியா நடுவுக்கு வந்திருக்கு சார், வலது ஹார்ட் பார்டர் திரும்பத் தெரியுது, இடது அப்பர் ஸோன்ல காற்று வந்திருக்கு. லோயர் ஸோன்ல ஒபாசிட்டி இன்னும் இருக்கு, இடது டயாஃப்ரம் தெளிவாத் தெரியலை. பிராங்கோஸ்கோபிக்கு அப்புறம் எடுத்ததால நியூமோதோராக்ஸ் இருக்கான்னு உச்சி வரைக்கும் பார்த்தேன், இல்லை."